இரண்டு வயதுப் பிள்ளையோடு படப் புத்தகம்: உரையாடல் வாசிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தினமும் ராத்திரி கதை வாசிச்சுக் காட்டுறேன். அதுக்கும் இந்த உரையாடல் வாசிப்புக்கும் என்ன வித்தியாசம்?

யார் அதிகம் பேசுகிறார்கள் என்பதுதான். வழக்கமான வாசிப்பில் பெரியவர் வாசிப்பார், பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். உரையாடல் வாசிப்பில் பெரியவர் படத்தைக் காட்டி ஏதாவது கேட்பார், அப்புறம் வாயை மூடிக்கொள்வார். பிள்ளை எதைச் சொன்னாலும் அதை எடுத்து, கொஞ்சம் கூட்டித் திருப்பிச் சொல்வார். நாளாக ஆகப் பிள்ளை கதை சொல்ல, பெரியவர் கேட்பவராக மாறவேண்டும்.

இதை ஒரு முறையாக வகுத்துச் சோதித்துப் பார்த்தவர் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளர். நியூயார்க் மாநிலத்தில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய குழுவும் செய்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. ஏறத்தாழ 30 பிள்ளைகள், எல்லோரும் 21 மாதத்துக்கும் 35 மாதத்துக்கும் இடைப்பட்டவர்கள். இரண்டு பிரிவுப் பெற்றோரும் வீட்டில் ஏறக்குறைய ஒரே அளவு வாசித்தார்கள், வாசிப்பதை ஒலிநாடாவில் பதிவும் செய்தார்கள். ஒரு பிரிவுக்கு மட்டும் எப்படிக் கேட்பது, பதிலை எப்படி விரிப்பது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிரிவுப் பிள்ளைகள் பேச்சு வெளிப்பாட்டுச் சோதனைகளில் மற்றவர்களைவிட முன்னே போயிருந்தார்கள். ஒரு சோதனையில் 6 மாத வளர்ச்சிக்குச் சமமான இடைவெளி, இன்னொன்றில் எட்டரை மாதம். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி குறைந்திருந்தது, ஆனால் காணாமல் போகவில்லை.

அது சிறிய ஆய்வு, நடுத்தர வர்க்கக் குடும்பங்களில் நடந்தது. அதனால் "ஒரு மாதத்தில் எட்டு மாத வளர்ச்சி" என்று யாராவது விளம்பரம் போட்டால் நம்பவேண்டாம். பிறகு வந்த பல ஆய்வுகளை 2008இல் சேர்த்துப் பார்த்தபோது இன்னும் நிதானமான படம் கிடைத்தது. பலன் மிதமானது, அதுவும் பிள்ளை தானாகச் சொல்லும் சொற்களில்தான் அதிகம் தெரிகிறது. நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளைவிட இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கே இது கூடுதலாக உதவுகிறது.

என் பையனுக்கு ஒன்றரை வயசு. பத்து வார்த்தைகூடச் சொல்லமாட்டான். இப்பவே கேள்வி கேட்டா என்ன பதில் வரும்?

விரல் வரும். அந்த வயதில் விரல் நீட்டுவதும் பதில்தான். பார்வை ஒரு படத்தில் நிற்பது, "ம்ம்" என்று ஒரு சத்தம், புத்தகத்தைத் தட்டுவது எல்லாமே அவன் பக்கத்துப் பேச்சு. அவன் பூனையைத் தொட்டால் "பூனை! பூனை தூங்குது" என்று நீங்கள் சொல்லவேண்டும். அவனுடைய முறை, உங்களுடைய முறை என்று மாறி மாறி நடந்தால் போதும், அவன் வாயைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும்.

தென்னாப்பிரிக்காவில் கேப்டவுனை ஒட்டிய கயேலிட்ஷா என்ற ஏழைக் குடியிருப்பில் 14 முதல் 16 மாதக் குழந்தைகளின் வீட்டாருக்கு எட்டு வாரம் இப்படிப் புத்தகம் பகிரும் பயிற்சி கொடுத்தார்கள். 2015இல் வந்த முடிவுகளின்படி குழந்தைகளின் சொல்லறிவும் கவனம் நிற்கும் நேரமும் கூடியிருந்தன. ஆகவே ஒன்றரை வயது சீக்கிரம் அல்ல. ஆனால் இந்த வயதில் எல்லாம் "எங்கே?" கேள்விதான். "நாய் எங்கே?" என்றால் அவன் காட்டமுடியும். "நாய் என்ன பண்ணுது?" என்பது இன்னும் சில மாதம் பொறுக்கட்டும்.

எந்த மாதிரிப் புத்தகம் வாங்கணும்?

ஒவ்வொரு பக்கத்திலும் ஏதாவது நடக்கவேண்டும். வெள்ளைப் பின்னணியில் ஒரு ஆப்பிள், அடுத்த பக்கத்தில் ஒரு கார் என்று இருக்கும் அட்டைகளில் "இது என்ன?" என்பதைத் தாண்டிக் கேட்க ஒன்றும் கிடைக்காது. சந்தை, மழை, சமையலறை, குளிக்க மறுக்கும் ஆட்டுக்குட்டி என்று ஒரு காட்சி இருந்தால் ஒரே பக்கத்தில் பத்து நிமிடம் ஓடிவிடும். அதற்காக ஒரு பக்கத்தில் ஐம்பது பொருள்களைத் திணித்த புத்தகமும் வேண்டாம். பிள்ளை எங்கே பார்க்கிறது என்றே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

எழுத்து குறைவாக இருப்பது நல்லது. எழுத்தே இல்லாத படப் புத்தகம் அதைவிட நல்லது. சென்னையின் தூலிகா, பிரதம் புக்ஸ், நேஷனல் புக் டிரஸ்ட் போன்றவை சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழில் படப் புத்தகங்கள் போடுகின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். மூன்று, நான்கு புத்தகம் போதும். இதற்குத் திரும்பத் திரும்பப் பார்த்த புத்தகம்தான் வேண்டும், புதுப் புத்தகம் அல்ல.

ஒரு பக்கத்தை வைச்சு எப்படிப் பேசுறதுன்னு அப்படியே காட்டுங்களேன்.

சரி. படம் இப்படி வைத்துக்கொள்வோம்: மழை பெய்கிறது, பஸ் நிறுத்தத்தில் ஒரு பாட்டி பூக்கூடையோடு நிற்கிறார், ஒரு பையன் குடை பிடித்திருக்கிறான், பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய் நனைந்துபோய் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைக்கு வயது இரண்டு வருடம் இரண்டு மாதம். இரண்டு சொல் சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்கிறாள்.

முதல் தடவை அம்மா கதையைத் தொடங்குவதில்லை. பிள்ளையின் விரல் எங்கே போகிறது என்று பார்க்கிறார். நாய்க்குப் போகிறது.

அம்மா: அட, இது யாரு?

(நிறுத்தம்)

பிள்ளை: பௌ பௌ.

அம்மா: ஆமா, நாய். நனைஞ்ச நாய். நாய் எங்க உக்காந்திருக்கு?

(நிறுத்தம். பிள்ளை விரலால் குத்திக் காட்டுகிறாள்.)

பிள்ளை: இங்க.

அம்மா: ஆமா, இங்க. பெஞ்சுக்குக் கீழ.

பிள்ளை: கீய.

அம்மா: கீழ! பெஞ்சுக்குக் கீழ நாய்.

அவ்வளவுதான், பக்கத்தைத் திருப்பிவிடலாம். பாட்டியைப் பற்றியும் குடையைப் பற்றியும் பேசவே இல்லையே என்று நினைக்கவேண்டாம். அன்றைக்கு அவளுக்கு நாய்தான் பக்கம் முழுக்க. இந்தச் சின்ன உரையாடலில் நான்கு வேலை நடந்திருக்கிறது. அம்மா ஒன்று கேட்டார், பிள்ளை சொன்னது சரிதான் என்று ஏற்றுக்கொண்டார், அதோடு ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ கூட்டினார், கூட்டிய சொல்லைப் பிள்ளை ஒருமுறை சொல்ல இடம் கொடுத்தார். முழு முறையும் இந்த நான்குக்குள் அடக்கம்.

அதே பக்கம், பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து. நாய், பாட்டி, குடை, பஸ் எல்லாவற்றின் பேரும் இப்போது பிள்ளைக்குத் தெரியும். அதனால் கேள்வி மாறுகிறது.

அம்மா: இந்தப் பக்கத்துல என்ன நடக்குது?

(நீண்ட நிறுத்தம். பிள்ளை படத்தைப் பார்க்கிறாள், அம்மாவைப் பார்க்கிறாள், மறுபடி படத்தைப் பார்க்கிறாள்.)

பிள்ளை: மய.

அம்மா: மழை பெய்யுது. சோன்னு பெய்யுது. அப்புறம்?

பிள்ளை: நாய் ஈயம்.

அம்மா: ஆமா, நாய் ஈரமாயிடுச்சு. அப்புறம்?

(நிறுத்தம்)

பிள்ளை: பாட்டி குடை இல்ல.

அம்மா: அட, ஆமா! பாட்டிகிட்ட குடை இல்ல. பாட்டி எப்படி நிக்கிறாங்க?

பிள்ளை: (தலையில் கை வைத்து) இப்பி.

அம்மா: இப்படி! பூக்கூடையைத் தலைக்கு மேல புடிச்சிருக்காங்க. அன்னிக்கு நாம பஸ்ஸுக்கு நின்னோமே, மழை வந்துச்சே, அப்ப யாரு குடை புடிச்சா?

பிள்ளை: அப்பா! அப்பா குடை!

அம்மா: ஆமா, அப்பா நமக்குக் குடை புடிச்சாங்க.

"பாட்டி குடை இல்ல" என்பதை அம்மா கேட்டு வாங்கவில்லை. "பாட்டியிடம் என்ன இல்லை?" என்று கேட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய பதிலைவிட இது பெரியது, ஏனென்றால் பையனையும் பாட்டியையும் ஒப்பிட்டுப் பார்த்தது பிள்ளை. "என்ன நடக்குது?" என்ற திறந்த கேள்வியும் "அப்புறம்?" என்ற ஒற்றைச் சொல்லும் அதற்கு இடம் விட்டன. கடைசியில் புத்தகத்தை விட்டு வீட்டு நினைவுக்குப் போனதும் கணக்கோடுதான். படத்தில் கற்ற "குடை"யைத் தன் சொந்த வாழ்க்கையில் பொருத்திப் பேசும்போது அந்தச் சொல் அவளுடையதாகிவிடுகிறது. ஒரு அமர்வில் இப்படி ஒரு தடவை வெளியே போனால் போதும். அடிக்கடி போனால் புத்தகம் கைவிட்டுப் போய்விடும்.

கேட்டுட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்? சும்மா இருந்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கு.

மனதுக்குள் ஐந்து வரை மெதுவாக எண்ணுங்கள். ஐந்து நொடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் பெரியவர்களுக்கு அது தாங்கமுடியாத நீளம். அமெரிக்கப் பள்ளி வகுப்பறைகளில் கேள்வி கேட்ட ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களில் அளந்து பார்த்தார். சராசரியாக ஒரு நொடிதான். மூன்று நொடிக்கு மேல் பொறுத்தபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். அவர்கள் பள்ளி வயதுப் பிள்ளைகள். இரண்டு வயதில் கேள்வியைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடிப்பிடித்து, வாயை அதற்கு வளைக்க இன்னும் நேரம் வேண்டும்.

அந்த ஐந்து நொடியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது முக்கியம். படத்தைப் பாருங்கள், பிறகு பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தி "சொல்லப் போகிறாய்" என்ற முகத்தோடு இருங்கள். எதிரே உட்கார்ந்தாலோ, மடியில் பக்கவாட்டில் உட்காரவைத்தாலோதான் இது நடக்கும். முதுகு உங்கள் மார்பில் ஒட்டியிருந்தால் உங்கள் முகம் பிள்ளைக்குத் தெரியாது, பிள்ளையின் முகமும் உங்களுக்குத் தெரியாது.

இந்த நேரத்தில் அதிகம் நடக்கும் பிழை கேள்வியைத் திரும்பக் கேட்பது. "நாய் என்ன பண்ணுது? ம்? நாய் என்ன பண்ணுது, சொல்லு? தூங்குதா?" நான்கு நொடியில் மூன்று கேள்வி. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் முதலிலிருந்து யோசிக்கவேண்டியிருக்கிறது. அதோடு மூன்றாவது கேள்விக்குத் தலையாட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. உங்கள் போனில் இரண்டு நிமிடம் ஒலிப்பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். உங்கள் குரல் ஓய்ந்த இடங்கள் எத்தனை என்பது உடனே தெரிந்துவிடும்.

பிள்ளையின் பக்கத்திலும் சில அடையாளங்கள் உண்டு. கண் படத்திலேயே நிற்கிறது, உதடு அசைகிறது, மூச்சை இழுக்கிறது என்றால் சொல் வந்துகொண்டிருக்கிறது. ஐந்து தாண்டினாலும் பொறுத்திருங்கள். கண் வேறெங்கோ போய்விட்டது, உடம்பு நெளிகிறது என்றால் கேள்வி பெரிதாகிவிட்டது அல்லது ஆர்வம் போய்விட்டது. அப்போது நீங்களே பதிலைச் சொல்லுங்கள், "நாய் தூங்குது" என்று இயல்பாக, ஏமாற்றம் இல்லாத குரலில். நாளைக்கு அதே கேள்விக்கு அந்தப் பதில் அவளிடமிருந்து வரும்.

"என்ன நடக்குது?"ன்னு கேட்டா முழிக்கிறான். "இது என்ன?"ன்னு கேட்டா டக்குன்னு சொல்றான். திறந்த கேள்விதான் நல்லதுன்னு சொல்றாங்களே?

நல்லதுதான், ஆனால் படியேறி வரவேண்டும். வைட்ஹர்ஸ்ட் குழுவே பெற்றோருக்கு இரண்டு கட்டமாகத்தான் சொல்லிக்கொடுத்தது. முதல் கட்டத்தில் "என்ன" கேள்விகளும், பதிலைத் தொட்டு இன்னொரு கேள்வி கேட்பதும். திறந்த கேள்வியும் விரிவாக்கமும் அதற்கு அடுத்த கட்டத்தில்.

பக்கத்தில் உள்ளவற்றின் பேரே தெரியாத பிள்ளையிடம் "என்ன நடக்குது?" என்று கேட்டால் முழிக்கத்தான் செய்யும். முதலில் பேர். அடுத்து அந்தப் பொருளைப் பற்றி ஒன்று: என்ன செய்கிறது, எங்கே இருக்கிறது, வாலைக் காணோமே, எங்கே? இவை பழகிய பக்கத்தில்தான் திறந்த கேள்வி. அப்போதும் முழித்தால் நீங்கள் ஒரு வரியைத் தொடங்கி நிறுத்துங்கள்: "மழை சோன்னு..." அவன் "பெய்யுது" என்பான். பழகிய வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிடும் இந்தத் தந்திரம், திறந்த கேள்விக்கு வாய் திறக்காத பிள்ளைகளிடமும் வேலை செய்யும்.

"ஏன்?" கேள்வியை இரண்டு வயதில் மிகக் குறைவாகவே வையுங்கள். காரணம் சொல்லும் பேச்சு பெரும்பாலும் மூன்று வயதை ஒட்டித்தான் வரும். "பாட்டி ஏன் கூடையைத் தலையில வச்சிருக்காங்க?" என்பதைவிட "பாட்டி தலைமேல என்ன?" என்பது பேச்சைக் கூட்டும்.

ஆம், இல்லை என்று முடியும் கேள்வி இன்னொரு பக்கத்து ஆபத்து. "பூனை அழகா இருக்கா?" என்றால் தலையாட்டல் வரும், அதோடு பேச்சு முடிந்தது. கேட்டுவிட்டால் தப்பில்லை, அடுத்ததில் சரிசெய்துகொள்ளலாம்.

தப்பா உச்சரிக்கிறா. "வாயப்பயம்"ங்கிறா. திருத்தலாமா, விட்டுடலாமா?

உச்சரிப்பைக் கேட்டுத் திருத்தவேண்டாம், சரியான உருவத்தைக் காதில் போடுங்கள். "ஆமா, வாழைப்பழம். மஞ்சள் வாழைப்பழம்." அவ்வளவுதான். "வாழைப்பழம் சொல்லு, ழ, ழ" என்று நாக்கை மடக்கப் பயிற்சி கொடுத்தால் வாசிப்பு பாடமாகிவிடும். ழ, ற போன்ற ஒலிகள் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும், வேறு பல ஒலிகள் நன்றாக வந்த பிறகும்.

இலக்கணமும் அப்படியே. இந்த வயதில் "நாய் ஓடுது" என்பவள் "அண்ணா ஓடுது" என்றும் சொல்வாள். அண்ணாவுக்கும் நாய்க்கும் ஒரே முடிவு. நீங்கள் "ஆமா, அண்ணா ஓடுறான். வேகமா ஓடுறான்" என்று திருப்பிச் சொன்னால் போதும். அவளுடைய வாக்கியத்தையே எடுத்து, சரியாக்கி, ஒரு சொல் கூட்டிக் கொடுக்கிறீர்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இது கூடுதலாகப் பயன்படும், ஏனென்றால் நம் மொழியில் யார், எப்போது, எத்தனை பேர் என்பதெல்லாம் சொல்லின் வாலில் ஒட்டியிருக்கிறது. அந்த வால் அடிக்கடி காதில் விழவேண்டும்.

எவ்வளவு கூட்டுவது என்பதில் அளவு உண்டு. ஒரு சொல் பேசும் பிள்ளைக்கு இரண்டு, மூன்று சொல். இரண்டு சொல் பேசும் பிள்ளைக்கு மூன்று, நான்கு. "நாய் ஈயம்" என்றவளிடம் "ஆமா, மழையில நனைஞ்சு ஈரமான அந்தப் பாவப்பட்ட நாய் பெஞ்சுக்கு அடியில ஒளிஞ்சிருக்கு பாரு" என்றால் அதில் எதையும் அவளால் பிடித்துக்கொள்ளமுடியாது.

பேர் மாற்றிச் சொன்னால், அதாவது ஆட்டை நாய் என்றால், அதைச் சொல்லத்தான் வேண்டும். "நாய் மாதிரிதான் இருக்கு, இது ஆடு. மே மே ஆடு." முதலில் அவள் கண்ட ஒற்றுமைக்கு ஒரு மரியாதை, பிறகு சரியான பேர்.

புத்தகத்துல எழுத்துத் தமிழ் இருக்கு, நாங்க வீட்டுல பேச்சுத் தமிழ். எதுல வாசிக்கிறது? சில புத்தகம் இங்கிலீஷ்ல வேற இருக்கு.

பேசுவது பேச்சுத் தமிழில். கேள்வி, பதில், விரிவாக்கம் எல்லாம் உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் எப்படிப் பேசுவீர்களோ அப்படி. பிள்ளை பதில் சொல்லப்போவது அந்த மொழியில்தான். "நாய் என்ன செய்துகொண்டிருக்கிறது?" என்று கேட்டால் இரண்டு வயதுக்கு அது வேற்று மொழி.

ஆனால் எழுத்துத் தமிழை முழுக்கத் தூக்கிப் போடவும் வேண்டாம். கதையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருந்தால் அதை அச்சில் உள்ளபடியே ராகத்தோடு வாசியுங்கள். "மழை வந்தது, மழை வந்தது" என்று நீங்கள் நான்கு நாள் சொன்னால் ஐந்தாம் நாள் பிள்ளையே "வந்தது" என்று முடித்துவைக்கும். எழுத்துத் தமிழ் காதுக்குப் பழக இந்த அளவு இந்த வயதில் போதும்.

ஆங்கிலப் புத்தகத்தின் படத்தைத் தமிழில் பேசலாம், எழுத்தைத் தொடவே வேண்டாம். உங்களுக்கு நன்றாக வரும் மொழியில்தான் "சோன்னு மழை", "கூடையைத் தலைக்கு மேல" என்றெல்லாம் கூட்டிக் கொடுக்க முடியும். தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் "டாக், குட் டாக்" என்பதோடு விரிவாக்கம் நின்றுபோகும். வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கும் இதுதான் என் பதில். பள்ளி மொழி பள்ளியில் வந்துவிடும், வீட்டில் தமிழ்.

பகல்ல பாட்டிதான் பாத்துக்குறாங்க. அவங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

பிரச்சினையே இல்லை. இதில் வாசிப்பதைவிடப் பேசுவதுதான் அதிகம். எழுத்து தெரிந்தவர்கள் வரியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், எழுத்து தெரியாத பாட்டி படத்தில் நிற்கிறார். எந்தப் படத்தைக் கண்டாலும் "இது எங்க ஊரு ஆத்தங்கரை மாதிரி இருக்கே" என்று ஆரம்பிக்கும் பாட்டிகள் நிறையப் பேர். அவரிடம் சொல்லவேண்டியது ஒன்றுதான்: "அத்தை, நீங்க கேட்டுட்டு அவ சொல்ற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க." சில பாட்டிகள் கதையை நிறுத்தாமல் கொட்டிவிடுவார்கள். அதையும் தடுக்கவேண்டாம். கதை கேட்பது ஒரு நேரம், படம் பார்த்துப் பேசுவது ஒரு நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

உக்காரவே மாட்டேங்கிறான். ரெண்டு பக்கம் பார்த்துட்டு ஓடிடுறான், இல்லன்னா தானே பக்கத்தைப் புரட்டிடுறான்.

இரண்டு பக்கம் பார்த்தால் இரண்டு பக்கம். ஐந்து நிமிடம் இந்த வயதுக்கு நல்ல அமர்வு. பக்கத்தைப் புரட்டினால் புரட்டவிடுங்கள், அவன் நிறுத்தும் பக்கத்தில் பேசுங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை போகவேண்டும் என்ற சட்டம் இல்லை. தலைகீழாகப் பிடித்தாலும் பரவாயில்லை.

ஓடுகிற பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது கேள்வியின் எண்ணிக்கையை. பக்கத்துக்கு ஐந்தாறு கேள்வி விழுந்தால் அது பரீட்சை, யாராயிருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள். ஒரு கேள்வி, அதற்கு இரண்டு பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு என்றால் கேள்வி இல்லாத வரி: "ஐயோ, நாய் நனையுது." சொல்லிவிட்டு அப்போதும் நிறுத்துங்கள். பல பிள்ளைகள் கேள்விக்கு வாய் திறக்காமல் இந்த மாதிரி வரிக்குத் திறப்பார்கள்.

தூக்கம் வரும் நேரம் இதற்கு ஏற்றதல்ல. அப்போது சும்மா வாசித்துத் தூங்கவையுங்கள். காலையில் குளித்துச் சாப்பிட்ட பிறகோ மாலையிலோ பேசும் வாசிப்பை வையுங்கள்.

போன்ல கதை ஆப் இருக்கே, அதுவே வாசிக்குது, தொட்டா மிருகம் சத்தம் போடுது. அது போதாதா?

அது நிறுத்தாது. பிள்ளை என்ன சொன்னது என்பதைக் கேட்டு அதற்கு ஒரு சொல் கூட்டிக் கொடுக்கவும் அதனால் முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெற்றோரையும் சின்னப் பிள்ளைகளையும் காகிதப் புத்தகத்தோடும் மின்புத்தகத்தோடும் உட்காரவைத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். மின்புத்தகத்தில் இரு தரப்பும் குறைவாகப் பேசினார்கள், பேசிய பேச்சிலும் கதையைவிடத் தொடுதிரையைப் பற்றிய பேச்சு கூடியிருந்தது. "அதைத் தொடாதே, இதைத் தொடு" என்பதுதான். வேறு புத்தகம் கிடைக்காவிட்டால் திரையில் படத்தைக் காட்டி, ஒலியை அணைத்துவிட்டு, நீங்களே பேசுங்கள்.

இது வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்குறது? எப்ப டாக்டர்கிட்ட காட்டணும்?

மூன்று, நான்கு வாரத்தில் சிலவற்றைக் கவனிக்கலாம். நீங்கள் கூட்டிக் கொடுத்த சொல் அவளிடமிருந்து தானாக வருகிறதா? "ஈரம்" என்பது குளியலறையில் வந்தால் அது பெரிய செய்தி. நீங்கள் கேட்காமலே ஒரு படத்தைக் காட்டி ஏதாவது சொல்கிறாளா? ஒரு சொல் இரண்டாகிறதா? புத்தகத்தை எடுத்துவந்து உங்களிடமோ பொம்மையிடமோ "இது யாரு?" என்று கேட்கிறாளா? இந்தக் கடைசி அடையாளத்தைக் கண்டால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும், குரலும் நிறுத்தமும் அச்சு அசல் அந்த வீட்டு அம்மாவுடையதாக இருக்கும். தேதி போட்டு ஒரு நோட்டில் புதுச் சொற்களை எழுதிவைத்தால் மாற்றம் கண்ணில் படும். நினைவை நம்பினால் படாது.

அதே சமயம் பேச்சுத் தாமதத்துக்கு இது சிகிச்சை அல்ல. ஒன்றரை வயதாகியும் பொருளுள்ள சொல் ஒன்றுகூட வரவில்லை, இரண்டு வயதாகியும் தானாக இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை என்றால் காத்திருக்கவேண்டாம். முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்வதில்லை என்றால் எந்த வயதானாலும் உடனே காட்டவேண்டும். "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாரு" என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கலாம், ஆனாலும் காட்டிவிடுங்கள்.

முதலில் செய்யவேண்டியது காது கேட்கும் சோதனை. அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் கட்டும் பிள்ளைகள் பாதிப் பேச்சைத்தான் கேட்கிறார்கள், வீட்டில் யாருக்கும் அது தெரிவதில்லை. குழந்தை மருத்துவரிடம் கேட்டால் எங்கே போகவேண்டும் என்று சொல்வார். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் உண்டு. அங்கே பேச்சு, கேள்திறன் இரண்டையும் கட்டணமில்லாமல் பார்ப்பார்கள். போகும்போது அந்தச் சொல் நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். "எத்தனை சொல் சொல்கிறது?" என்பது அங்கே முதலில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று.